ஓய்வுக்குப் பிறகு வருடத்துக்கு எவ்வளவு எடுக்கலாம்?

தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்தவருக்கு ஓய்வு பெறும்போது பி.எஃப்., கிராஜுவிட்டி, இத்தனை வருடம் போட்டு வைத்த மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய தொகை கைக்கு வரும். 1 கோடி என்று வைத்துக்கொள்வோம். சொந்த வீடு இருக்கிறது, மாதம் 50,000 ரூபாய் செலவு. அதாவது வருடத்துக்கு 6 லட்சம், சேமிப்பில் 6 சதவீதம். வங்கியிலேயே 7 சதவீதம் கிடைக்கிறதே, 6 சதவீதம் எடுத்தால் என்ன ஆகிவிடும் என்றுதான் முதலில் தோன்றும்.

ஆகிவிடுவது இதுதான். விலைவாசி வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால், இன்று 50,000 ரூபாயில் நடக்கும் குடும்பத்துக்கு 12 வருடம் கழித்து 1 லட்சம் ரூபாய் தேவைப்படும். அதே அரிசி, அதே மருந்து, அதே கரண்ட் பில்தான். ஆக, வருடா வருடம் எடுக்கும் பணமும் 6 சதவீதம் கூடிக்கொண்டே போக வேண்டும். சேமிப்புக்கு வருடம் தவறாமல் 8 சதவீதம் வருமானம் கிடைக்கிறது என்றே வைத்துக் கணக்குப் போட்டாலும், அந்த 1 கோடி சுமார் 20 வருடத்தில் தீர்ந்துவிடும். 60 வயதில் ஆரம்பித்தவருக்கு 80 வயதில் கையிருப்பு இல்லை. முதல் வருடம் 5 சதவீதம் எடுத்தால் ஏறக்குறைய 25 வருடம் வரும். 4 சதவீதம், அதாவது மாதம் சுமார் 33,000 ரூபாய் என்று ஆரம்பித்தால் 33 வருடம் வரும்.

இந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 'வருடம் தவறாமல் 8 சதவீதம்' என்று எந்தச் சந்தையும் தராது. ஒரு வருடம் 25 ஏறும், இன்னொரு வருடம் 20 இறங்கும், சராசரி மட்டும் 8 என்று வரும். சம்பாதிக்கும் காலத்தில் இந்த ஏற்ற இறக்கத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. எடுத்துச் செலவழிக்கும் காலத்தில் ஏற்றம் முதலில் வருகிறதா, இறக்கம் முதலில் வருகிறதா என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆங்கிலத்தில் இதை 'சீக்வென்ஸ் ஆஃப் ரிட்டர்ன்ஸ் ரிஸ்க்' என்பார்கள். இந்தக் கட்டுரையில் வரிசை அபாயம் என்று சொல்கிறேன்.

அதே பத்து வருடம், இரண்டு வரிசை

சென்செக்ஸ் 2007 டிசம்பர் கடைசியில் 20,287 புள்ளிகளில் இருந்தது. 2017 டிசம்பர் கடைசியில் 34,057. இடைப்பட்ட பத்து வருடங்களில் 2008-இல் பாதிக்கும் மேல் விழுந்தது, 2009-இல் 81 சதவீதம் ஏறியது, 2011-இல் மறுபடி கிட்டத்தட்ட 25 சதவீதம் விழுந்தது, 2014-இல் 30 சதவீதம் ஏறியது. இப்படிப் போனது.

2007 கடைசியில் ஒருவர் 1 கோடி ரூபாயை இந்தக் குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்டில் போட்டுவிட்டுத் தொடவே இல்லை என்றால், பத்து வருடம் கழித்து சுமார் 1 கோடியே 68 லட்சம் இருந்திருக்கும். இந்தக் கணக்கில் டிவிடெண்டைச் சேர்க்கவில்லை. இப்போது அதே பத்து வருடங்களைத் தலைகீழாக அடுக்கிப் பாருங்கள். முதலில் 2017-இன் ஏற்றம், கடைசியில் 2008-இன் வீழ்ச்சி. பணத்தைத் தொடாதவருக்கு அப்போதும் அதே 1 கோடியே 68 லட்சம்தான். பெருக்கல் கணக்கில் எந்த எண்ணை முதலில் பெருக்கினாலும் விடை மாறாது அல்லவா.

சரி, இப்போது இருவரையும் ஓய்வு பெற்றவர்களாக்குவோம். இருவரும் ஒவ்வொரு வருட ஆரம்பத்திலும் 6 லட்சம் எடுக்கிறார்கள். கணக்கு எளிதாக இருக்க, விலைவாசிக்காகக் கூட்டாமல் ஒரே தொகையாகவே எடுக்கட்டும். பத்து வருடத்தில் இருவரும் எடுத்தது தலா 60 லட்சம்.

முதலாமவருக்கு நிஜத்தில் நடந்த வரிசை. 6 லட்சம் எடுத்தபின் மிச்சமிருந்த 94 லட்சம், 2008 முடியும்போது 44.7 லட்சமாகிறது. 2009 ஆரம்பத்தில் இன்னொரு 6 லட்சம் எடுக்கிறார், 38.7 லட்சம் மிச்சம். அந்த வருடத்தின் 81 சதவீத ஏற்றம் இந்த 38.7 லட்சத்துக்கு மட்டுமே கிடைத்தது. பத்து வருட முடிவில் அவரிடம் இருப்பது சுமார் 58.6 லட்சம்.

இரண்டாமவருக்குத் தலைகீழ் வரிசை. ஒன்பது வருடம் முடிந்து பத்தாவது வருடத்துக்கான பணத்தையும் எடுத்தபின் அவரிடம் 2 கோடியே 17 லட்சம் இருக்கிறது. அப்போதுதான் 2008-இன் அடி விழுகிறது. ஒரே வருடத்தில் 1 கோடியே 14 லட்சம் போய்விடுகிறது. முதலாமவர் ஆரம்பித்த மொத்தத் தொகையைவிட அதிகம் அது. அப்படியிருந்தும் கடைசியில் இவரிடம் 1 கோடியே 3 லட்சம் இருக்கிறது.

சராசரி ஒன்றுதான், எடுத்த தொகையும் ஒன்றுதான். முடிவில் வித்தியாசம் 45 லட்சம். பதினோராவது வருடம் அதே 6 லட்சத்தை எடுக்க முதலாமவர் தன் சேமிப்பில் 10 சதவீதத்துக்கு மேல் விற்க வேண்டும், இரண்டாமவர் 6 சதவீதத்துக்கும் குறைவாக விற்றால் போதும். அந்த இடத்தில் இருந்து முதலாமவர் மீள்வது மிகக் கடினம்.

ஏன் இப்படி ஆகிறது என்பதை யூனிட் கணக்கில் பார்த்தால் தெளிவாகப் புரியும். ஃபண்டின் ஒரு யூனிட் விலை, அதாவது என்.ஏ.வி., 100 ரூபாயாக இருக்கும்போது 50,000 ரூபாய் எடுக்க 500 யூனிட் விற்றால் போதும். அது 48 ரூபாய்க்கு விழுந்துவிட்டால் அதே 50,000 ரூபாய்க்கு சுமார் 1,042 யூனிட் விற்க வேண்டும். சந்தை திரும்ப ஏறும்போது மிச்சம் இருக்கும் யூனிட்டுகள்தான் ஏறும். விற்றுப் போன யூனிட்டுகள் திரும்பி வராது. வேலையில் இருப்பவர் மாதா மாதம் எஸ்.ஐ.பி. போடும்போது சந்தை விழுந்தால் அதே பணத்துக்கு அதிக யூனிட் கிடைக்கிறது, அது அவருக்கு லாபம். ஓய்வு பெற்றவருக்கு அதே இயந்திரம் எதிர்ப்பக்கமாக ஓடுகிறது. அதுவும் முதல் ஐந்து முதல் பத்து வருடங்களில்தான் அதன் கடி ஆழமாக இருக்கும், ஏனென்றால் அப்போதுதான் சேமிப்பு பெரிதாகவும், அது தாங்க வேண்டிய காலம் நீளமாகவும் இருக்கிறது.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். அதே இருவரும் பாதிப் பணத்தைக் குறியீட்டு ஃபண்டிலும் பாதியை 7 சதவீதம் தரும் வைப்புநிதியிலும் வைத்து, வருடத்துக்கு ஒரு முறை மறுபடி பாதிக்குப் பாதி ஆக்கிக்கொண்டே வந்தால்? முதலாமவரிடம் பத்து வருட முடிவில் 1 கோடியே 8 லட்சம், இரண்டாமவரிடம் 1 கோடியே 24 லட்சம். 45 லட்சமாக இருந்த இடைவெளி 16 லட்சமாகச் சுருங்கிவிட்டது. இதை வைத்து வைப்புநிதிதான் எப்போதும் மேல் என்று முடிவு கட்ட வேண்டாம். அந்தப் பத்து வருடத்தில் சென்செக்ஸ் ஆண்டுக்கு 5 சதவீதத்தைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். பங்கே இல்லாமல் 30 வருடம் ஓட்டினால் விலைவாசி தின்றுவிடும். இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது இடைவெளி சுருங்கியதை மட்டும்தான்.

4 சதவீதம் எங்கிருந்து வந்தது

வருடத்துக்கு எவ்வளவு எடுக்கலாம் என்ற கேள்விக்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் 4 சதவீதம், அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் இருந்து வந்தது. 1926 முதலான அமெரிக்கச் சந்தைக் கணக்கை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வருடமும் ஒருவர் ஓய்வு பெற்றதாக வைத்து, பாதியோ அதற்குச் சற்று மேலோ பங்கு, மீதி அரசுக் கடன் பத்திரம் என்ற கலவை எத்தனை வருடம் தாங்கியது என்று பார்த்தார். சராசரி ஆளுக்கு என்ன ஆனது என்று அவர் பார்க்கவில்லை. மிக மோசமான வருடத்தில் ஓய்வு பெற்றவரும் 30 வருடம் தாங்க வேண்டும், அதற்கு எவ்வளவு எடுக்கலாம் என்று கேட்டார். அதற்கு வந்த விடை 4 சதவீதத்தை ஒட்டி இருந்தது. பிற்பாடு கலவையில் சிறிய நிறுவனப் பங்குகள் போன்றவற்றைச் சேர்த்து அந்த எண்ணை அவரே கொஞ்சம் உயர்த்தினார்.

மிக மோசமான வருடம் எது என்பதும் கவனிக்க வேண்டியது. 1929-இன் பெருவீழ்ச்சி என்று நினைப்போம். 1960-களின் பிற்பகுதியில் ஓய்வு பெற்றவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். 1929-க்குப் பின் பங்கு விழுந்தபோது விலைவாசியும் சேர்ந்து இறங்கியது, அதனால் எடுக்க வேண்டிய தொகையும் குறைந்தது. 1970-களில் பங்கு விழுந்தது, விலைவாசி ஏறியது. இரண்டும் சேர்ந்து வந்தால்தான் ஓய்வு பெற்றவருக்கு ஆபத்து முழுமையாகிறது.

இந்த விதியைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். முதல் வருடம் மட்டும்தான் 4 சதவீதம். அந்த ரூபாய்த் தொகையைக் குறித்துக்கொண்டு, அடுத்த வருடத்தில் இருந்து விலைவாசி ஏறிய அளவுக்கு மட்டும் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு வருடமும் இருக்கும் பணத்தில் 4 சதவீதம் எடுப்பது வேறு முறை. அதில் பணம் ஒருபோதும் முழுதாகத் தீராது. ஆனால் முழுப் பணமும் பங்கில் இருந்து, 2008 மாதிரி ஒரு வருடம் வந்தால் உங்கள் மாத வருமானம் பாதியாகிவிடும். வாடகையும் மருந்துச் செலவும் அப்படிப் பாதியாகாது.

இந்தியாவில் இருப்பவர் 4 சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? என் கருத்து, 60 வயதில் ஆரம்பிப்பவர் 3.5 சதவீதத்தை ஒட்டி இருப்பது நல்லது, 4-ஐ மேல் எல்லையாக வைத்துக்கொள்ளலாம். முதல் காரணம், நம் விலைவாசி உயர்வு அமெரிக்காவின் நீண்டகாலச் சராசரியைவிட அதிகம். இரண்டாவது, சோதித்துப் பார்க்க நம்மிடம் உள்ள வரலாறு குறைவு. சென்செக்ஸ் 1986-இல்தான் வெளிவரத் தொடங்கியது, அதன் அடிப்படை ஆண்டே 1978-79. அதற்குள் ஒன்றுடன் ஒன்று கலக்காத 30 வருடக் காலம் ஒன்றுதான் அடங்கும். ஒரே ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு 'எப்போதும் தாங்கும்' என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. 50 வயதிலேயே வேலையை விடுபவர் 3 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

மனக்கணக்காகப் போட ஒரு வழி உண்டு. உங்கள் பணம் விலைவாசிக்குச் சமமாக மட்டுமே வளர்கிறது, ஒரு பைசா கூடுதல் இல்லை என்று வையுங்கள். 100-ஐ நீங்கள் எடுக்கும் சதவீதத்தால் வகுத்தால் எத்தனை வருடம் தாங்கும் என்று வந்துவிடும். 4 சதவீதம் என்றால் 25 வருடம், 5 என்றால் 20, 6 என்றால் 17-க்கும் குறைவு. வரி போக வைப்புநிதி தருவது பெரும்பாலும் இந்த நிலைதான்.

ஒரு தம்பதிக்கான ஏற்பாடு

இப்போது இதை ஒரு குடும்பத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். 60 வயது, மனைவி 57, சொந்த வீடு, கடன் இல்லை, மருத்துவக் காப்பீடு இருக்கிறது. சேமிப்பு 1 கோடியே 20 லட்சம். மாதம் 40,000 தேவை, வருடத்துக்கு 4 லட்சத்து 80 ஆயிரம். சரியாக 4 சதவீதம், எல்லையில் நிற்கிறார்கள்.

முதலில் 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில், அஞ்சலகத்திலோ வங்கியிலோ போடலாம். 2023 ஏப்ரலில் இருந்து ஒருவர் 30 லட்சம் வரை இதில் போட முடிகிறது. அப்போது வட்டி 8.2 சதவீதமாக உயர்த்தப்பட்டது. புதிதாகப் போடுபவர்களுக்கான விகிதத்தை அரசு காலாண்டுக்கு ஒரு முறை அறிவிக்கும், ஆனால் போட்ட நாளில் இருந்த விகிதம் உங்களுக்கு 5 வருடமும் மாறாது. 8.2 சதவீதத்தில் 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை 61,500 ரூபாய் வரும், வருடத்துக்கு 2 லட்சத்து 46 ஆயிரம். தேவையில் பாதிக்கு மேல் இங்கேயே முடிந்தது.

மீதி 90 லட்சத்தில் 15 லட்சம் வைப்புநிதியிலும், வேண்டும்போது உடனே எடுக்க முடிகிற லிக்விட் ஃபண்டிலும் இருக்கட்டும். இதுதான் அடுத்த சில வருடங்களுக்கான செலவுப் பணம். 25 லட்சம் நடுத்தரக் காலக் கடன் ஃபண்ட், ரிசர்வ் வங்கியின் மாறும் வட்டிப் பத்திரம் போன்றவற்றில். பத்திரத்தின் காலம் 7 வருடம் என்பதை நினைவில் வைத்து, அளவாகப் போட வேண்டும். 50 லட்சம் பங்கில், எளிமையாக ஒரு குறியீட்டு ஃபண்டிலேயே.

இந்த இடத்தில் பலரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. சேமிப்புத் திட்டத்து வட்டி விலைவாசியோடு ஏறாது. முதல் வருடம் இந்தத் திட்டத்துக்கு வெளியில் உள்ள சேமிப்பில் இருந்து எடுக்க வேண்டியது 4.80 லட்சத்தில் 2.46 போக 2.34 லட்சம். இரண்டாம் வருடம் செலவு 6 சதவீதம் ஏறி 5.09 லட்சமாகும். வட்டி அதே 2.46-தான். வெளியில் இருந்து எடுப்பது 2.63 லட்சம். செலவு ஏறியது 6 சதவீதம், சேமிப்பில் இருந்து எடுப்பதோ 12 சதவீதம் ஏறிவிட்டது. ஐந்தாம் வருடம் இது 3.60 லட்சத்தைத் தொடும். நிலையான வட்டியை மட்டும் நம்பி, 'வட்டியில் வாழ்கிறோம், முதலைத் தொடவில்லை' என்று நிம்மதியாக இருப்பவர்களுக்குப் பத்தாவது வருடத்தில் சிக்கல் வருவது இதனால்தான்.

ஐந்து வருடத்துக்கும் வெளியில் இருந்து எடுக்க வேண்டியதைக் கூட்டினால் 14.8 லட்சம் வருகிறது. தனியாக வைத்த 15 லட்சம், அதற்கு வரும் வட்டியைக் கணக்கில் எடுக்காமலே, ஐந்து வருடத்துக்குச் சரியாக வருகிறது. அந்த ஐந்து வருடமும் பங்குச் சந்தை என்ன ஆனாலும் ஒரு யூனிட்கூட விற்கத் தேவையில்லை.

நடைமுறை விதி எளிது. வருடத்துக்கு ஒரு நாள், உதாரணமாக ஏப்ரல் முதல் வாரத்தில், பங்கு ஃபண்டின் என்.ஏ.வி.யைச் சென்ற வருடத்தோடு ஒப்பிடுங்கள். ஏறியிருந்தால், அந்த வருடத்துக்கு எடுத்த அளவைப் பங்கில் இருந்து விற்று 15 லட்சத்தை மறுபடி நிரப்புங்கள். நன்றாக ஏறியிருந்தால் கொஞ்சம் கூடுதலாகவே. இறங்கியிருந்தால் பங்கைத் தொடாமல் செலவுப் பணத்தில் இருந்தே சாப்பிடுங்கள்.

ஐந்து வருடம் அதிகமில்லையா, இரண்டு போதாதா என்று கேட்கலாம். மறுபடி அந்தப் பத்து வருடத்தையே பாருங்கள். 2007 முடிவில் 20,287-இல் இருந்த சென்செக்ஸ் 2009 முடிவில் 17,465-இல்தான் இருந்தது. 2010 முடிவில்தான் 20,509-க்கு வந்தது, அப்புறம் 2011 முடிவில் 15,455-க்கு மறுபடி விழுந்தது. 2012 முடிவிலும் பழைய அளவுக்குக் கீழேதான். 2013 முடிவில் 21,171. ஆக, ஆறு வருடத்தில் ஆண்டு முடிவில் பழைய அளவைத் தாண்டி நின்றது இரண்டே முறை. இரண்டு வருடச் செலவு மட்டும் வைத்திருந்தவர் 2009 முடிவிலேயே தடுமாறியிருப்பார். மறுபக்கம், பத்து வருடச் செலவை வைப்புநிதியில் போட்டு வைத்தால் பங்கின் வளர்ச்சி குறைந்துவிடும். ஐந்தை ஒட்டிய ஏதோ ஓர் எண் நியாயமானது என்று நினைக்கிறேன்.

இந்தப் பிரிப்பில் மந்திரம் எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பங்கில் 42 சதவீதம் மட்டும் வைத்திருப்பதும், விழுந்த வருடத்தில் விற்காமல் இருப்பதும்தான் உண்மையில் காப்பாற்றுகிறது. அதைச் செய்ய மனம் துணிய வேண்டும், தனித்தனியாகப் பிரித்து வைப்பது அதற்கு உதவுகிறது. 2008 மாதிரி வருடத்தில் ஐந்து வருடச் சாப்பாட்டுக்குப் பணம் தனியாக இருக்கிறது என்று தெரிந்தவர் பதற்றத்தில் எல்லாவற்றையும் விற்க மாட்டார்.

செலவைக் குறைக்க வேண்டிய வருடம்

எவ்வளவு நன்றாகப் பிரித்து வைத்தாலும் சில வருடங்களில் எடுக்கும் தொகையைக் குறைத்தே ஆக வேண்டும். எப்போது, எவ்வளவு என்பதற்கு அமெரிக்க ஆலோசகர் ஜோனதன் கைட்டனும் வில்லியம் கிளிங்கரும் 2006-இல் ஒரு வரம்பு முறையை விளக்கினார்கள். அதன் சாரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இந்த வருடம் எடுக்கப் போகும் தொகை, இன்றைய சேமிப்பில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். ஆரம்ப விகிதத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு மேலே போய்விட்டால், எடுக்கும் தொகையில் 10 சதவீதம் குறையுங்கள். ஐந்தில் ஒரு பங்கு கீழே வந்தால் 10 சதவீதம் கூட்டிக்கொள்ளலாம். 4 சதவீதத்தில் ஆரம்பித்தவருக்கு மேல் வரம்பு 4.8, கீழ் வரம்பு 3.2. சேமிப்பு இழப்பில் முடிந்த வருடத்துக்குப் பின் விலைவாசிக்கான உயர்வையும் எடுத்துக்கொள்வதில்லை.

நம் தம்பதிக்கு முதல் வருடமே 2008 மாதிரி அமைந்துவிட்டால் என்ன ஆகும்? பங்கில் இருந்த 50 லட்சம் சுமார் 24 லட்சமாகும். சேமிப்புத் திட்டத்தில் 30, செலவுப் பணத்தில் எடுத்தது போக, வட்டி சேர்ந்து 13.5, கடன் ஃபண்டுகளில் 26.5. மொத்தம் 94 லட்சம். விலைவாசி உயர்வை விட்டுவிட்டு அதே 4.80 லட்சம் எடுத்தாலும் 5.1 சதவீதம் ஆகிறது, வரம்பைத் தாண்டிவிட்டது. 10 சதவீதம் குறைத்தால் மாதம் 40,000 என்பது 36,000 ஆகும். காசிப் பயணத்தைத் தள்ளிப் போடலாம், பழைய வண்டியை இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம். மருந்தில் கை வைக்கத் தேவையில்லை. ஆரம்பத்தில் செய்யும் இந்த 4,000 ரூபாய்க் குறைப்பு, 78 வயதில் பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய 40,000 ரூபாயைத் தவிர்க்கிறது. முதல் வருடங்களின் குறைப்புக்கு அவ்வளவு பலன் உண்டு.

ஆகவே ஓய்வுக்கு முன்பே மாதச் செலவை இரண்டாகப் பிரித்து எழுதி வையுங்கள், குறைக்கவே முடியாதது, குறைக்கக் கூடியது என்று. 40,000-இல் குறைக்க முடியாதது 38,000 என்றால் இந்த முறை உங்களுக்கு உதவாது. அப்போது இன்னும் குறைந்த விகிதத்தில் ஆரம்பிப்பதோ, இரண்டு வருடம் கூடுதலாக வேலை பார்ப்பதோதான் வழி.

எஸ்.டபிள்யூ.பி. விற்பனையில் மறைவது

மியூச்சுவல் ஃபண்டில் மாதா மாதம் குறிப்பிட்ட தொகை தானாக விற்று வங்கிக் கணக்குக்கு வரும் ஏற்பாடுதான் எஸ்.டபிள்யூ.பி. வசதியான கருவி, வரியிலும் நல்லது. ஒவ்வொரு முறையும் வரும் பணத்தில் லாபப் பகுதிக்கு மட்டுமே வரி. பங்கு ஃபண்டில் ஒரு வருடத்துக்கு மேல் வைத்த யூனிட் என்றால், நிதியாண்டில் 1.25 லட்சம் வரையான லாபத்துக்கு வரி கிடையாது, அதற்கு மேல் 12.5 சதவீதம். 2024 ஜூலையில் வந்த விதி இது.

ஆனால் இதை விற்பவர்கள் காட்டும் அட்டவணையை நிதானமாகப் பாருங்கள். '1 கோடி போடுங்கள், மாதம் 66,000 எடுங்கள், 20 வருடம் கழித்தும் 1 கோடிக்கு மேல் இருக்கும்' என்ற வகை. அது வருடத்துக்கு 8 சதவீதம் எடுப்பது. அந்த அட்டவணை பெரும்பாலும் ஒவ்வொரு வருடமும் 12 சதவீதம் வளர்வதாக வைத்துப் போட்டது. அல்லது சந்தை நன்றாக ஏறத் தொடங்கிய ஒரு தேதியில் இருந்து ஆரம்பித்தது. எடுக்கும் தொகையும் 20 வருடத்துக்கு ஒரே 66,000-ஆக இருக்கும். மூன்று கேள்வி கேட்டால் போதும். எடுக்கும் தொகையை வருடம் 6 சதவீதம் கூட்டினால் என்ன ஆகும்? 2008 ஜனவரியில் ஆரம்பித்திருந்தால்? அதில் முழுப் பணமும் பங்கில் இருக்கிறதா? பதில் சொல்லத் தயங்குபவரிடம் அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

ஏற்கெனவே எஸ்.டபிள்யூ.பி. ஓடிக்கொண்டிருந்தால், ஃபண்டின் மதிப்பை தினமும் பார்ப்பதில் பயனில்லை. மாதம் வெளியே போகும் யூனிட் எண்ணிக்கையைச் சென்ற வருடத்தோடு ஒப்பிடுங்கள். தொகையை ஏற்றாமலே யூனிட் எண்ணிக்கை கூடியிருந்தால், குறைந்த விலையில் விற்றுக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். பங்கு ஃபண்டில் இருந்து ஓடும் எஸ்.டபிள்யூ.பி.யை அந்த மாதமே நிறுத்திவிட்டு லிக்விட் ஃபண்டுக்கு மாற்றுங்கள்.

இவ்வளவு செய்தும் தாங்காத நிலை ஒன்று உண்டு. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 கடைசியில் 38,915-ஐத் தொட்டது. அந்த அளவைத் திரும்பத் தாண்டியது 2024 பிப்ரவரியில். 34 வருடம். ஐந்து வருடச் செலவுப் பணம் அதற்கு எதிரே ஒன்றுமில்லை. இங்கே அப்படி நடக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் குறைக்க முடியாத செலவில் பெரும்பகுதியைச் சேமிப்புத் திட்டம், ஓய்வூதியம், மொத்தமாகக் கட்டினால் வாழ்நாள் முழுக்கத் தவணையாகப் பணம் தரும் ஆன்யூட்டி போன்ற சந்தை சாராத வருமானத்தில் கட்டிப் போடச் சொல்கிறேன். மனைவிக்கு 60 ஆனதும் அவர் பெயரிலும் தனியாக 30 லட்சம் வரை சேமிப்புத் திட்டத்தில் போடலாம்.

அதே சமயம், முதல் பத்துப் பதினைந்து வருடம் நன்றாகக் கடந்துவிட்டால் கணக்கு மாறுகிறது. 75 வயதில் இன்னும் 20 வருடத்துக்குப் பணம் போதும். பணம் விலைவாசிக்குச் சமமாக மட்டுமே வளர்ந்தால்கூட 5 சதவீதம் எடுக்கலாம். 60 வயதில் போட்ட 3.5 சதவீதக் கட்டுப்பாட்டை 75-இலும் பிடித்துக்கொண்டு, கண் அறுவை சிகிச்சையையும் பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பயணத்தையும் தள்ளிப் போடுபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஒவ்வொரு ஐந்து வருடத்துக்கும் ஒரு முறை, மிச்சமிருக்கும் வருடங்களை வைத்து விகிதத்தைப் புதிதாகப் போட வேண்டும். சேமிப்புத் திட்டத்தின் 5 வருடம் முடிந்து பணம் கைக்கு வரும் நாளையே அதற்கு வைத்துக்கொள்ளலாம்.